14ஆம் நம்பர் சேலை யாருக்கு? ஒரு லைவ் கேப்ஷனின் நிகழ்வு ஆய்வு

போன நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி எட்டே முக்காலுக்கு மைனியிடமிருந்து போன். "தம்பி, ஒரு சேலைக்கு மூணு பேரு சண்டை போடுதாவ. நீ செத்த வந்துட்டுப் போயேன்." நான் பாளையங்கோட்டையில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடை நோட்டீஸ் எல்லாம் அடிக்கிற ஆள் என்பதால் எழுத்து சம்பந்தப்பட்ட எந்தப் பஞ்சாயத்தும் வீட்டில் என் தலையில்தான் விடியும். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே வீரவநல்லூர் போய்விட்டேன்.

அண்ணன் வீட்டுப் பட்டாசலில்தான் மைனியின் கடை. இரண்டு பெஞ்சு, ஒரு கொடி, வட்ட விளக்கு ஒன்று, அதன் நடுவில் செருகிய போன். விற்பது செடிபுட்டா சேலை. ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: செடியும் பூவுமாகப் புட்டா விழும் கைத்தறிச் சேலை, வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்வது. செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்த துணி. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரில் பேர் தெரிந்தது. மைனி இரண்டு தறிக்காரர் வீடுகளில் எடுத்து, வாரம் ஒருமுறை பேஸ்புக் லைவில் காட்டி விற்கிறாள். இன்ஸ்டாகிராமில் கணக்கு இருக்கிறது, ஆனால் அங்கே லைவ் போக ஆயிரம் பின்தொடர்பவர்கள் வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் விதி வந்துவிட்டது. மைனிக்கு அறுநூற்றுச் சொச்சம். அதனால் அங்கே போஸ்டர் மட்டும்.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். முந்தின நாள் மைனி போட்டிருந்த கேப்ஷன் இதுதான்:

```
வணக்கம் சொந்தங்களே 🙏🙏
இன்று மாலை லைவில் சந்திப்போம்! புத்தம்புது கைத்தறி
பட்டுச் சேலைகள், நம்ப முடியாத விலையில்!!
ஒவ்வொன்றும் ஒரே ஒரு பீஸ்தான். பிடித்த சேலையை
ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க.
முதலில் வருபவருக்கே முன்னுரிமை.
விலைக்கு இன்பாக்ஸ் வாங்க. மறக்காம ஷேர் பண்ணுங்க 🌸
```

படித்தால் குறையே தெரியாது. நாட்டில் பாதிச் சேலைக்காரர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள், நானே இரண்டு பேருக்கு இதே மாதிரி அடித்துக் கொடுத்திருக்கிறேன். லைவில் 26 சேலை காட்டி, 19 பேர் கேட்டு, கடைசியில் பணம் வந்தது 11 சேலைக்கு. மற்ற எட்டும் எங்கே போயின என்று தேடிப் போனால் ஒவ்வொன்றும் இந்தக் கேப்ஷனின் ஏதாவது ஒரு வார்த்தையில் போய் நின்றது.

முதலில் நேரம்.

கேப்ஷனை மைனி போட்டது ஞாயிறு காலை பதினொன்றுக்கு. மனசில் வைத்திருந்தது அஞ்சு மணி. எங்க அம்மா கேட்டுவிட்டு, "ஞாத்துக்கெழம நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராவு காலம், முதல் போணிய அந்த நேரத்துலயா பண்ணுவா?" என்றாள். மைனி மறுபேச்சுப் பேசாமல் ஆறு பத்துக்குத்தான் ஆரம்பித்தாள். கேப்ஷனை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோணவில்லை, ஏனென்றால் அதில் மணியே இல்லையே! ஆறு பத்தும் மாலைதானே. ஆனால் அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆச்சி நாலு மணியிலிருந்து போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூத்துக்குடியில் ஒரு பிள்ளை, மாலை என்றால் வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல் என்று நினைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய சேதம் "இன்று" என்ற வார்த்தையால். பேஸ்புக் ஒரு பதிவை எல்லாருக்கும் அன்றைக்கே காட்டிவிடாது. ஷேர் பண்ணச் சொல்கிறோம், அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, அங்கே யாரோ மறுநாள் மத்தியானம் சோறு வடித்துவிட்டுப் பார்க்கிறார்கள். நான் அங்கே இருந்த திங்கட்கிழமையே ஏழு பேர் "அக்கா இன்னைக்கு லைவ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு மெசேஜ் போட்டிருந்தார்கள். அவர்கள் படித்த கேப்ஷனில் "இன்று" என்றால் அவர்கள் படித்த நாள்தான். தப்பு அவர்களுடையது இல்லை.

நேரத்தால் வந்த குழப்பத்தில் ஒரு மஸ்கட்காரியும் உண்டு. அவர்தான் 14ஆம் நம்பர் சேலையின் மூன்று உரிமையாளர்களில் ஒருவர்.

அந்தச் சேலை அரக்கு நிறம், பச்சைக் கரை. மைனி அதைக் கையில் எடுத்ததும் மூன்று பேருக்குப் பிடித்துவிட்டது. பாளையங்கோட்டை டீச்சர் ஒருவர் லைவின் அடியிலேயே "14 எனக்கு" என்று கமெண்ட் போட்டார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் பெண் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தென்காசியிலிருந்து ஒருவர் "அந்த அரக்கு சேலை வேணும் அக்கா" என்று எழுதிவிட்டு, பின்னாலேயே ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார். மைனி லைவை முடித்துவிட்டு ஏழரைக்கு வாட்ஸ்அப்பைத் திறந்தாள். பட்டியலில் மேலே தென்காசி. அவருக்கே கொடுத்தாள்.

இங்கேதான் நான் முதலில் கவனித்தது. வாட்ஸ்அப் பட்டியலில் மேலே இருப்பவர் முதலில் வந்தவர் இல்லை, கடைசியாக மெசேஜ் போட்டவர். தென்காசிக்காரர் பதில் வராத தவிப்பில் "அக்கா?" "அக்கா இருக்கீங்களா?" "??" என்று மூன்று தடவை தட்டியிருந்தார். தட்டத் தட்ட அவர் பெயர் மேலே ஏறிக்கொண்டே வந்தது. பொறுமையாகக் காத்திருந்தவர் கீழே இறங்கிக்கொண்டே போனார். முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்று எழுதிவிட்டு, மைனி தன்னை அறியாமலே கடைசியாக வருபவருக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறாள். பட்டியலைப் பார்த்து முடிவு பண்ணுகிற யாருக்கும் இது நடக்கும். ஒவ்வொருவரின் உரையாடலையும் உள்ளே போய்த் திறந்து, முதல் மெசேஜின் நேரத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

திறந்தோம். தென்காசியின் எழுத்து 6.42, ஸ்கிரீன்ஷாட் 6.43. மஸ்கட்டின் ஸ்கிரீன்ஷாட் 6.42. வாட்ஸ்அப் நிமிடம் வரைக்கும்தான் காட்டுகிறது, நொடியைக் காட்டுவதில்லை. இதற்குள் மஸ்கட்காரர் தன் போனிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார், அவர் மெசேஜ் போன நேரம் 5.12 என்று. "பாரு தம்பி, நான் லைவே ஆரம்பிக்கல, அதுக்கு முன்னாடியே கேட்டாளாம்" என்று மைனி பொங்கினாள். நம்ம ஊர் நேரத்துக்கு மஸ்கட் ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 5.12 என்றால் இங்கே 6.42. அவர் பொய் சொல்லவில்லை, அவர் போன் அவர் ஊர் மணியைக் காட்டியது. நேரத்தோடு "இந்திய நேரம்" என்று இரண்டு வார்த்தை சேர்க்காததால், ஒரு நல்ல வாடிக்கையாளரைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தோம்.

டீச்சரின் கமெண்ட்? லைவின் பதிவை ஓட்டிப் பார்த்தால் அந்தக் கமெண்ட்தான் முதலில் தெரிகிறது. ஆனால் அதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மைனி சேலையைத் தூக்கிக் காட்டும் நொடியும், பார்க்கிறவர் திரையில் அது தெரியும் நொடியும் ஒன்று இல்லை. சில நொடி பிந்தித்தான் போகும், நெட் மந்தமாக இருந்தால் இன்னும் பிந்தும். பாளையங்கோட்டையில் வைஃபையில் பார்க்கிறவர் முதலில் பார்ப்பார், மலையடிவாரத்தில் ஒரு கோடு சிக்னலில் பார்க்கிறவர் அதே சேலையைப் பிறகுதான் பார்ப்பார். அதற்கு மேல், ஸ்கிரீன்ஷாட் என்பது படம். படம் ஏறுவதற்கு நேரம் ஆகும். "14" என்று இரண்டு எழுத்து கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஸ்கிரீன்ஷாட் கேட்பதன் மூலம் நெட் வசதி உள்ளவருக்குச் சேலையும் இல்லாதவருக்கு ஏமாற்றமும் என்று நாமே ஒரு ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிறோம்.

சரி, மூவரில் யார் பக்கம் நியாயம் என்றால், எழுதிய கேப்ஷன்படி மஸ்கட்காரர் பக்கம் என்றுதான் சொல்வேன். கேப்ஷன் ஸ்கிரீன்ஷாட் கேட்டது, முதல் ஸ்கிரீன்ஷாட் அவருடையது. டீச்சர் கமெண்டில் கேட்டது கணக்கில் வராது. ஆனால் எங்கே அனுப்ப வேண்டும் என்று கேப்ஷன் சொல்லவில்லையே, கமெண்ட் ஏன் கணக்கில் வராது என்று டீச்சர் கேட்டால் பதில் இல்லை. கேட்டார். பதில் இல்லை.

இதைச் சமாளித்தது நான் இல்லை, தறிக்காரர். மைனி அவரிடம் போய் நின்றதும், "அந்தப் பாவுல இன்னும் நெய்ய இருக்கேம்மா, அதே கலர்ல போட்டுத் தாரேன்" என்றார். ஒரு பாவில் ஒரு சேலையோடு முடிவதில்லை, பாவு தீருகிற வரை அதே நிறத்தில் அடுத்தது வரும். மூவருக்கும் சேலை கிடைத்தது, இருவருக்குச் சில வாரம் கழித்து. எனக்கோ வேறு ஒன்று உறுத்தியது. அப்படியானால் "ஒரே ஒரு பீஸ்தான்" என்று எழுதியது எந்தக் கணக்கில்? அந்த அவசரத்தில்தானே மூன்று பேரும் முட்டிக்கொண்டது. மைனி அதை விற்பனைத் தந்திரமாக எழுதவில்லை. கையில் இருப்பது ஒன்று, அதைச் சொன்னாள். ஆனால் படிக்கிறவருக்கு உலகத்திலேயே ஒன்றுதான் என்று கேட்கும். இப்போது "கையில் இருப்பது ஒன்று" என்று எழுதுகிறோம். பாவு மிச்சம் இருக்கிற சேலைக்கு லைவிலேயே அதை வாயால் சொல்லிவிடுவாள்.

"பட்டு" என்ற சொல் இன்னொரு சேலையைத் திருப்பி அனுப்ப வைத்தது. மதுரையில் வாங்கிய அம்மா ஒருவர் நூலைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரவேண்டும், இதில் வரவில்லை என்றார். வராதுதான். தறிக்காரர்கள் பேச்சில் பட்டு நூல் என்பது சகஜமான சொல், மைனி அதை அப்படியே எழுதிவிட்டாள். செடிபுட்டாவுக்கு அதன் சொந்தப் பெயரே மதிப்பு. அதைப் பட்டு என்று சொல்லி இல்லாத ஒன்றாகக் காட்டி விற்க வேண்டிய அவசியமில்லை.

மற்ற சேலைகள் "புக்" ஆகிப் பணம் வராதவை. எடுத்து வைத்து மூன்று நாள் காத்திருந்தாள். அதற்குள் வேறு ஆள் கேட்டார், இல்லை என்றாள். நாலாம் நாள் புக் பண்ணியவர் "வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டார்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பணம் எப்போது கட்ட வேண்டும் என்று நாம் எங்கேயும் எழுதவில்லை.

ஒரு காலத்தில் லைவிலேயே வாங்கும் வசதி பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருந்தது. பேஸ்புக் அதை 2022 அக்டோபரோடும், இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சோடும் நிறுத்திவிட்டன. ஆகவே இன்றைக்கு லைவ் ஒரு இடத்தில், ஆர்டர் இன்னொரு இடத்தில், பணம் மூன்றாவது இடத்தில். இந்த மூன்றையும் கோர்க்கிற கயிறு கேப்ஷன் ஒன்றுதான். மைனியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நீயே எழுது" என்று நோட்டை நீட்டினாள்.

அடுத்த ஞாயிறுக்கு எழுதியது:

```
செடிபுட்டா சேலை லைவ்: நவம்பர் 16 ஞாயிறு, இரவு 7.30
(இந்திய நேரம். மஸ்கட், துபாய் 6.00, சிங்கப்பூர் 10.00)
பேஸ்புக்கில் மட்டும், இதே பக்கத்தில்.

32 சேலை. விலை ₹1,450 முதல் ₹1,900 வரை,
தமிழ்நாட்டுக்குள் கூரியர் சேர்த்து.
கைத்தறி. செயற்கைப் பட்டு + பருத்தி, சுத்தப் பட்டு இல்லை.
பிளவுஸ் பிட் உண்டு.

ஆர்டர் செய்ய:
1. சேலையில் குத்தியிருக்கும் நம்பரை மட்டும் வாட்ஸ்அப்பில்
   அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். கமெண்ட் ஆர்டர் ஆகாது.
2. எங்க வாட்ஸ்அப்புக்கு முதலில் வந்த நம்பருக்கே சேலை.
   "உங்களுக்கு" என்று பதில் வந்தால்தான் புக்.
3. பணம் அன்று இரவு 10.00க்குள். வராவிட்டால்
   வரிசையில் அடுத்தவருக்கு.
4. முகவரி, பின்கோடு, போன் நம்பர் பணம் கட்டிய பிறகு அனுப்புங்க.

கமெண்டில் போன் நம்பர் போடாதீங்க. நாங்க கமெண்டிலோ
இன்பாக்ஸிலோ பணம் கேட்க மாட்டோம்.
கரண்ட் போனால் 15 நிமிடத்தில் இதே பக்கத்தில் புது லைவ் வரும்,
நம்பர் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வாட்ஸ்அப்: https://wa.me/91XXXXXXXXXX
```

இதில் சில வரிகளுக்கு எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

"வணக்கம் சொந்தங்களே"வை எடுத்தது மைனிக்குப் பொறுக்கவில்லை. "மொட்டையா இருக்குலே, துக்க வீட்டுக்குத் தாக்கல் சொன்ன மாதிரி" என்றாள். ஆனால் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் முதல் ஒன்றிரண்டு வரிக்கு மேல் மடித்து மறைத்துவிடுகிறார்கள், தட்டினால்தான் மிச்சம் விரியும். தட்டாமல் கடந்து போகிறவர்களே அதிகம். அந்த முதல் வரியில் வணக்கத்தை வைத்தால் தேதி உள்ளே போய்விடும். வணக்கத்தை லைவில் வாயாரச் சொல்லிக்கொள்ளட்டும் என்று முடிவானது. அதைத்தான் மைனி பத்து நிமிடம் சொல்வாள்.

ஏழரை மணி எப்படி வந்தது? ஆறு மணியோடு ராகு காலம் போய்விடுகிறது, அம்மாவுக்கு நிம்மதி. விளக்கேற்றி, பிள்ளைகளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் தயார் பண்ணிவிட்டு உட்கார ஏழரை ஆகும் என்று மைனியின் வாடிக்கையாளர்கள் நாலு பேரிடம் கேட்டோம். மஸ்கட்டில் அது ஆறு மணி. அங்கே ஞாயிறு வேலை நாள், நர்ஸம்மாவுக்குப் பகல் டியூட்டி முடிந்திருக்கும். சிங்கப்பூரில் பத்து மணி ஆகிவிடுகிறது, அதற்கு மேல் தள்ளினால் அவர்கள் தூங்கிவிடுவார்கள். லண்டனில் இருக்கும் ஒரு அக்காவுக்காக அங்கத்திய நேரத்தையும் போடச் சொன்னாள் மைனி. வேண்டாம் என்றேன். அந்த ஊரில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மணியை மாற்றுவார்கள், பழைய கேப்ஷனை எடுத்து ஒட்டும்போது ஒரு மணி நேரம் தப்பாகப் போகும். இந்திய நேரம் என்று இருந்தால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

"30 நிமிடத்துக்குள் பணம்" என்றுதான் மைனி முதலில் எழுதச் சொன்னாள், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று. எதிலிருந்து முப்பது நிமிடம்? அவர் அனுப்பியதிலிருந்தா, நாம் பதில் போட்டதிலிருந்தா, லைவ் முடிந்ததிலிருந்தா? ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கடிகாரத்தை நாம் ஓட்ட வேண்டியிருக்கும். இரவு பத்து மணி என்றால் எல்லாருக்கும் ஒரே கடிகாரம். பத்தடித்ததும் நோட்டைத் திறந்து பணம் வராத நம்பர்களைச் சுழித்து, அடுத்தவருக்கு மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

வாட்ஸ்அப் இணைப்பு விஷயத்தில் ஒரு சின்ன நுணுக்கம். மேலே உள்ள மாதிரி 91 போட்டு, முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ இல்லாமல் நம்பரை ஒட்டினால் பேஸ்புக்கில் தட்டியதும் நேரே உரையாடல் திறக்கும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் இணைப்பு வெறும் எழுத்துதான், தட்ட முடியாது. அங்கே போடும் கேப்ஷனில் இணைப்பை எடுத்துவிட்டு, பயோவில் வைத்து, "இணைப்பு பயோவில்" என்று எழுதினோம்.

கமெண்டில் போன் நம்பர் போடாதீங்க என்பது பயமுறுத்துவதற்காக இல்லை. மைனிக்குத் தெரிந்த இன்னொரு சேலைக்காரியின் பெயரையும் படத்தையும் அப்படியே போட்டு ஒரு போலிக் கணக்கு வந்து, கமெண்டில் சேலை கேட்டவர்களுக்கெல்லாம் "இந்த நம்பருக்குப் பணம் அனுப்புங்க" என்று பதில் போட்டுப் பிடுங்கியிருக்கிறது. அதற்காக மைனி புக் பண்ணும்போது அனுப்பும் பதிலில் இன்னொரு வரியும் சேர்த்தோம்: பணம் கட்டும்போது திரையில் வர வேண்டிய பெயர் இது, வேறு பெயர் வந்தால் கட்டாதீங்க என்று. யு.பி.ஐ.யில் பணம் போகும் முன் வாங்குபவரின் பெயர் தெரியும், அதைப் படிக்க வைப்பதுதான் வேலை.

பதினாறாம் தேதி நானும் போயிருந்தேன். அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவளை வாட்ஸ்அப் போனோடு பெஞ்சில் உட்கார வைத்தோம். அவள் கையில் நாற்பது பக்க நோட்டு. பக்கத்துக்கு ஒரு சேலை நம்பர், மெசேஜ் வர வரப் பெயரை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவது, அவ்வளவுதான். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் நோட்டில் நடக்காது. ஒருவர் இருபது தடவை "??" போட்டாலும் அவர் எழுதிய வரியில்தான் இருப்பார். முதல் பெயருக்கு உடனே "உங்களுக்கு" என்று பதில், இரண்டாவது பெயருக்கு "வரிசையில் இரண்டாவது, பத்து மணிக்குப் பிறகு சொல்கிறோம்" என்று பதில். இந்த இரண்டாவது பதில்தான் சண்டையை நிறுத்தியது என்று நினைக்கிறேன். போன வாரம் சேலை கிடைக்காதவர்களுக்கு மைனி ஒன்றுமே சொல்லவில்லை, அவர்கள் கிடைத்துவிட்டது என்றே இருந்தார்கள்.

ஏழு ஐம்பதுக்கு மழை இடித்துக்கொண்டு வந்து கரண்ட் போனது. ஐப்பசிக் கடைசி அடைமழை. வைஃபையும் விளக்கும் சேர்ந்து அணைய, லைவ் அறுந்தது. அண்ணன் எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு வர, போன் டேட்டாவில் எட்டு மணிக்குப் புது லைவ் ஆரம்பித்தாள். அறுந்த லைவின் இணைப்பு வேறு, புதியதின் இணைப்பு வேறு. பழைய இணைப்பில் காத்திருப்பவருக்கு எதுவும் வராது. "இதே பக்கத்தில் புது லைவ்" என்ற வரி இருந்ததால் பாதிக்கு மேல் திரும்பி வந்தார்கள். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் எல்லாம் ஆரஞ்சாகத் தெரிந்தது. அதனால் மிச்சமிருந்த மஞ்சள் சேலைகளை மைனி காட்டாமலே எடுத்து வைத்துவிட்டாள். நிறம் தப்பாகத் தெரியும் விளக்கில் விற்றால் திரும்பி வரும், போக வரக் கூரியர் நம்ம காசு. அது அவளுடைய சொந்த புத்தி.

முப்பத்திரண்டில் இருபத்தேழு காட்டினாள். இருபத்து மூன்று பேசி முடிந்தது. பத்து மணிக்கு இருபது பேர் பணம் கட்டியிருந்தார்கள். கட்டாத மூன்றில் இரண்டு சேலைக்கு வரிசையில் அடுத்தவர் இருந்தார், இருவரும் அன்று ராத்திரியே அனுப்பிவிட்டார்கள்.

பணம் பார்ப்பதில் ஒரு விஷயம் அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஒருவர் கட்டிய ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார், தொகை சரி, பெயர் சரி. வங்கிக் கணக்கில் வரவு இல்லை. அண்ணன் உடனே, ஏமாற்று என்றான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் சின்னதாகப் பணம் இன்னும் செயல்பாட்டில் இருப்பதாக எழுதியிருந்தது. மழையில் அவர் பக்கம் நெட் அறுந்திருக்கும். காலையில் அது தோற்றுப்போய் அவர் கணக்குக்கே திரும்பிவிட்டது, அவர் மறுபடி கட்டினார். அன்றிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டுவதில்லை. பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண்ணை வாங்கி, மைனி தன் வங்கிச் செயலியில் வரவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் டிக் அடிக்கிறாள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியும் ஒன்று தப்பித்துவிட்டது. பாபநாசம் பக்கத்திலிருந்து ஒருவர் "9" என்று அனுப்பினார், முதல் ஆள், பதில் போட்டோம், பணம் கட்டினார். மறுநாள் சேலையின் படத்தை அனுப்பியதும் "நான் கேட்டது ஊதா, இது வாடாமல்லி" என்றார். ஊதா 6ஆம் நம்பர். மைனி சேலையைத் தோளில் போட்டுக் காட்டும்போது ஊசி குத்திய அட்டை தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. நல்லவேளை, 6 அன்று விற்காமல் இருந்தது, மாற்றிக் கொடுத்தோம்.

அடுத்த வாரக் கேப்ஷனில் "6, 9 நம்பரைக் கவனித்து அனுப்புங்க" என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மைனி அட்டைக்கட்டை வாங்கி 11இலிருந்து எழுத ஆரம்பித்தாள். ஏன் என்றேன். "16ஐத் தலைகீழாப் போட்டா 91. நம்மகிட்ட அத்தனை சேலையே கெடையாதுல்லா. யாராவது 91 வேணும்னா, அது 16னு நமக்கே தெரிஞ்சிரும்" என்றாள்.